B4-207 எங்கே? வன்னி வளாகத்தில் முதல் காலை

ஞாயிறு, பின்னேரம்

நாளைக் காலை எட்டரைக்கு முதல் விரிவுரை. அதற்கு முன் உறுதிப்படுத்த வேண்டியது, எந்த ஊருக்குப் பஸ் ஏறுவது என்பதைத்தான். வன்னியில் இரண்டு இடங்களில் பல்கலைக்கழகம் இருக்கிறது. வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் போனால் பம்பைமடு. அங்கே இருப்பது வவுனியாப் பல்கலைக்கழகம். ஏ-9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் அறிவியல் நகர். அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தின் தலைப்பில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறதே என்று தலைமை வளாகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய் இறங்கினால், அங்கிருந்து கிளிநொச்சிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வரவேண்டும். தலைப்பைப் பார்க்காமல் பீடத்தின் பெயரைப் பாருங்கள்.

பம்பைமடுக்காரருக்கு இன்னொரு சிக்கல். அது 2021 ஓகஸ்ட் 1 முதல்தான் தனிப் பல்கலைக்கழகம். அதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். பழைய பெயரோடு உள்ள வரைபடங்களும் படங்களும் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரிய அண்ணா அனுப்பிய வரைபடம் என்று நம்பி எடுத்து வைக்கும் முன், அதன் மூலையில் எந்த ஆண்டு என்று இருக்கிறதா, எந்தப் பெயர் என்று இருக்கிறதா பாருங்கள். வளர்ந்துகொண்டிருக்கும் வளாகத்தில் நாலைந்து வருடப் பழைய வரைபடம் புதுக் கட்டடங்களைக் காட்டாது.

இனி நேரசூசி. கீழே இருப்பது ஒரு மாதிரி வரி. எழுத்துகள் பீடத்துக்குப் பீடம் மாறும். வாசிக்கும் முறை பெரும்பாலும் இதுதான்.

```
MON 0830-1030  CS1103 (L)  Grp B  B4-207
```

இந்த ஒரு வரியில் குறியீடுபோலத் தெரிபவை மூன்று. CS1103 என்பது பாடம். அது எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது, அதைக் காட்டி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பாடக் குறியீட்டில் எழுத்துகளுக்கு அடுத்து வரும் முதல் இலக்கம் வழக்கமாக எந்த வருடத்துப் பாடம் என்பதைச் சொல்லும். இங்கே 1, அதாவது முதலாம் வருடம். அறைக் குறியீட்டில் கோட்டுக்கு அடுத்து வரும் இலக்கமோ மாடியைச் சொல்லும். இரண்டையும் குழப்பி, 1103 என்றால் முதலாம் மாடி மூன்றாம் அறை என்று ஏறிப்போகிறவர்கள் ஒவ்வொரு புது அணியிலும் இருப்பார்கள். Grp B என்பது உங்கள் குழு. அந்த B-க்கும் B4 கட்டடத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அடைப்புக்குள் இருக்கும் L விரிவுரை. அங்கே P என்று இருந்தால் செயன்முறை, அதற்கு ஆய்வுகூடம் போக வேண்டும், அது வேறு கட்டடமாகக்கூட இருக்கலாம்.

எஞ்சியிருப்பது B4-207. இதுதான் இடம். கோட்டுக்கு முன்னால் இருப்பது கட்டடம், பின்னால் வரும் மூன்று இலக்கங்களில் முதலாவது மாடி, கடைசி இரண்டும் அந்த மாடியில் அறையின் இலக்கம். நாலாம் இலக்கக் கட்டடம், 2, ஏழாவது அறை. உலகத்தின் பல வளாகங்களில் இதே வடிவம்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெயர்பெற்ற ஒரு விரிவுரை மண்டபத்தின் இலக்கம் 10-250: பத்தாம் கட்டடம், 2, ஐம்பதாம் அறை. ஆனால் அங்கே நிலத்தோடு இருக்கும் தளமே 1, ஆகவே 2 என்றால் ஒரு மாடி ஏறினால் போதும். நம் நாட்டில் நிலத்தளத்துக்கு மேலே இருப்பதைத்தான் முதலாம் மாடி என்கிறோம். அந்தக் கணக்கில் 2 என்றால் இரண்டு மாடி ஏற வேண்டும். குறியீட்டை எழுதியவர் எந்தக் கணக்கை வைத்தார் என்பது தாளில் தெரியாது. கட்டடத்துக்குள் நுழைந்ததும் தெரிந்துவிடும், அதை நாளைக்கான பதிவில் எழுதுகிறேன்.

இப்போது வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வளாக வரைபடங்களில் ஓரத்தில் ஒரு அட்டவணை இருக்கும்: கட்டடத்தின் இலக்கம், பெயர், அது விழும் சதுரம். மேலே A, B, C என்று எழுத்துகள், பக்கத்தில் 1, 2, 3 என்று எண்கள், அவை வெட்டுவதால் உண்டாகும் சதுரங்கள். அட்டவணையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
B4   Lecture Complex   E3
```

முதல் காலையில் ஆட்களைத் தடுமாற வைக்கும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி இந்த வரிக்குள்தான் இருக்கிறது. B4 என்ற கட்டடம் E3 என்ற சதுரத்தில் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் B4 என்று ஒரு சதுரமும் இருக்கிறது. அவசரத்தில் பார்க்கிறவரின் கண் B நிரலுக்கும் 4 நிரைக்கும் போய், அங்கே என்ன இருக்கிறதோ அதை நோக்கி நடக்கச் சொல்லும். இரண்டும் ஒரு எழுத்தும் ஒரு எண்ணுமாக ஒரே தோற்றத்தில் இருப்பதுதான் காரணம். தப்புவதற்கு வழி எளிது: குறியீட்டை நேரே படத்தில் தேடாதீர்கள். எப்போதும் முதலில் அட்டவணை, அட்டவணையிலிருந்து சதுரம், சதுரத்துக்குள் கட்டடத்தின் மேல் அச்சிட்டிருக்கும் இலக்கம். கடைசியாகப் பார்த்த இலக்கம் B4 ஆகவே இருந்தால் சரியான இடத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

கட்டடங்களின் எண்கள் வரிசையாக இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். B3-க்குப் பக்கத்தில் B4 இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. பல வளாகங்களில் கட்டக் கட்ட எண் கொடுத்துக்கொண்டே போவார்கள். நாலாவதாகக் கட்டியது நாலு. இடையில் வெறுங்காணி இருந்து, பத்து வருடம் கழித்து அங்கே ஒன்று எழும்பினால் அதற்கு 11 என்று வரும். ஆகவே B3-ஐக் கண்டவுடன் அடுத்தது B4 என்று நடப்பது ஊகம் மட்டுமே.

இனித் தூரம். இந்த மாதிரி வரைபடத்தில் ஒரு சதுரத்தின் பக்கம் 100 மீற்றர். வாசல் B7 சதுரத்தில், மண்டபம் E3 சதுரத்தில். கிழக்கே மூன்று சதுரம், வடக்கே நாலு சதுரம். நேர்கோட்டில் 500 மீற்றர். ஆனால் நேர்கோட்டில் யாரும் நடக்க முடியாது. வீதிகள் செங்குத்தாகத் திரும்புகிற இடத்தில் 300-உம் 400-உம் சேர்ந்து 700 மீற்றர். சாதாரணமாக நடக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 75 முதல் 80 மீற்றர் போவார். ஆக ஒன்பது, பத்து நிமிடம். தொலைபேசிச் செயலி காட்டும் நேரம் சில வேளை நேர்கோட்டுக் கணக்காக இருக்கும், ஏனென்றால் வளாகத்துக்குள் இருக்கும் சிறு வீதிகள் பல அதில் பதிவாகியிருக்காது.

சதுரம் இல்லாத வரைபடம் என்றால் அளவுக்கோட்டைப் பிடியுங்கள். 1:5000 என்று எழுதியிருந்தால் ஒரு சென்ரிமீற்றர் 50 மீற்றர். ஆனால் அந்த எண் வரைந்த அதே அளவில் அச்சிட்டால் மட்டுமே உண்மை. தொலைபேசித் திரையில் சுருக்கினாலும் விரித்தாலும் அது பொய்யாகிவிடும். பக்கத்தில் கோடாக வரைந்திருக்கும் அளவுக்கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே விரியும்; அதை நம்பலாம். ஒரு கடதாசித் துண்டின் ஓரத்தில் அதன் நீளத்தைக் குறித்து, வீதியின் மேல் வளைவுக்கு வளைவு நகர்த்தி எண்ணினால் தூரம் வந்துவிடும்.

கோடுகளின் விளக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். துண்டு துண்டாக வரைந்த கோடு ஒரு வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை, இன்னொன்றில் வேலி, வேறொன்றில் இனிமேல் கட்டப்போகும் கட்டடத்தின் எல்லை. புது வளாகங்களில் கையில் கிடைப்பது சில வேளை திட்ட வரைபடம். அதில் எல்லாமே நிமிர்ந்து நிற்கும். நிலத்தில் பாதி இன்னும் பற்றையாக இருக்கும். செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டால் கூரை இருக்கிறதா என்று தெரியும். ஆனால் செய்மதிப் படமும் சில வருடம் பழையதாக இருக்கலாம். வரைபடத்தில் உண்டு, செய்மதியில் இல்லை என்றால் கட்டடம் புதிது, அல்லது இன்னும் இல்லை. அந்த ஒன்றை மட்டும் வாசலில் கேட்க வேண்டிய கேள்வியாகக் குறித்து வையுங்கள்.

இரவு படுக்கும் முன் வரைபடத்தை, அட்டவணையோடு சேர்த்து, தொலைபேசியில் படமாகச் சேமியுங்கள். வட்ஸ்அப்பில் படமாக வந்ததைப் பெருப்பித்தால் எழுத்து மங்கி, 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரியும். ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். முதல் நாள் ஒரே இடத்தில் பல நூறு தொலைபேசிகள் இயங்கும்போது இணையம் இழுபடும். இருப்பிடம் காட்டும் நீலப் புள்ளிக்கு இணையம் தேவையில்லை, அதன் கீழே தெரியும் படத்துக்குத்தான் தேவை. ஆகவே அந்தப் பகுதியின் படத்தையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்வது நல்லது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சிறு கடதாசியில் பேனையால் பெரிதாக எழுதி சட்டைப்பையில் வையுங்கள்: B4-207, E3, 8.30.

திங்கள், காலை

பம்பைமடுவுக்கு வவுனியா பஸ் நிலையத்திலிருந்து மன்னார் வீதியால் போகும் பஸ். கொண்டக்டரிடம் ஏறும்போதே கம்பஸ் வாசல் என்று சொல்லிவிடுங்கள். அறிவியல் நகருக்கு ஏ-9 பஸ், அல்லது ரயில். அறிவியல் நகரில் ரயில் தரிப்பிடம் உண்டு, ஆனால் ஏறும் ரயில் அங்கே நிற்குமா என்று கேட்டுவிட்டே சீட்டு எடுக்க வேண்டும். வாசலில் ஏழு ஐம்பதுக்கு இறங்கினால் நாற்பது நிமிடம் கையில் இருக்கும். நடக்கப் பத்து, மாடியும் அறையும் தேட ஐந்து, தவறினால் திருத்தப் பதினைந்து முதல் இருபது. அந்தக் கடைசிப் பகுதியை வெட்டாதீர்கள், காரணம் கீழே வரும்.

வாசலுக்குள் நுழைந்ததும் நடக்கத் தொடங்கக் கூடாது. முதல் வேலை, வரைபடத்தை நிலத்தோடு பொருத்துவது. கையில் இருக்கும் வரைபடத்தில் வடக்கு மேலே. நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்பது எந்தத் திசை? காலை எட்டு மணிக்கு வன்னியில் சூரியன் கிழக்கே தாழ்வாக நிற்கும். சூரியன் வலக்கைப் பக்கம் வரும்படி நின்றால் முகம் வடக்கே. பங்குனியிலும் புரட்டாதியிலும் இது அநேகமாகச் சரியாகவே இருக்கும். மார்கழி, தையில் காலைச் சூரியன் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 25 முதல் 30 பாகை தெற்கே தள்ளி நிற்கும். அப்போது சூரியனை வலக்கைக்குச் சற்றுப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியின் திசைகாட்டியும் உதவும், ஆனால் பஸ்ஸுக்கு அருகில், இரும்புப் படலைக்கு அருகில் நின்று பார்த்தால் அது பிழையாகக் காட்டும். பத்து அடி தள்ளி நின்று, தொலைபேசியை எட்டு வடிவில் இரண்டு மூன்று தரம் சுழற்றிவிட்டுப் பாருங்கள்.

வாசலருகில் பெரிய பலகையில் வரைபடம் இருந்தால் இன்னொரு கவனம் தேவை. பலகை வரைபடங்கள் பலவற்றில் மேலே இருப்பது வடக்காக இருக்காது. பலகையைப் பார்த்து நிற்கிறவருக்கு முன்னால் இருப்பதே மேலே வரும்படி வரைந்திருப்பார்கள். அங்கே நின்று பார்க்க அது சுகம். ஆனால் அதைப் படம் பிடித்துக்கொண்டு போய், முதல் திருப்பத்தில் கையிலுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டால் இடமும் வலமும் மாறிப்போகும். பலகையில் வடக்கு அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டே படம் பிடியுங்கள்.

வன்னி தட்டை நிலம். மலைநாட்டு வளாகங்களில் ஒரு பக்கத்தால் நுழைந்தால் நிலத்தளம், மறுபக்கத்தால் நுழைந்தால் இரண்டாம் மாடி என்ற குழப்பம் உண்டு. இங்கே அது கிடையாது. பதிலாக, உயரத்திலிருந்து பார்த்து இடம் பிடிக்கவும் வழி கிடையாது. ஒரு மரவரிசை நின்றாலே பின்னால் இருக்கும் கட்டடம் மறைந்துவிடும். கண்ணுக்கு எட்டுவது தண்ணீர்த் தாங்கியும் தொலைத்தொடர்புக் கோபுரமும்தான். அவை இரண்டையும் வரைபடத்தில் தேடி எடுத்துக்கொண்டால், எந்தத் திருப்பத்தில் நின்றாலும் அவை எந்தப் பக்கம் தெரிகின்றன என்பதை வைத்து நீங்கள் நிற்கும் இடத்தைச் சரிபார்க்கலாம்.

இப்போது நடை. மாதிரி வரைபடத்தின்படி வாசலிலிருந்து வடக்கே நேராகப் போகும் பிரதான வீதி, 400 மீற்றரில் வலப்பக்கத் திருப்பம், பிறகு கிழக்கே 300 மீற்றர். நடக்கும்போது கட்டடங்களை எண்ணாதீர்கள், சந்திகளை எண்ணுங்கள். புதுக் கட்டடம் முளைக்கும், கொட்டகை முளைக்கும், எண்ணிக்கை பிழைக்கும். சந்திகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. நிமிடத்துக்கு 80 மீற்றர் என்றால் 400 மீற்றருக்கு ஐந்து நிமிடம். ஏழு நிமிடம் நடந்தும் திருப்பம் வரவில்லை என்றால் அதைத் தாண்டிவிட்டீர்கள்; இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் அங்கேயே நில்லுங்கள்.

சதுரத்தையும் கட்டடத்தையும் குழப்பியவருக்கு என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். அவர் வாசலிலிருந்து நேரே வடக்கே மூன்று சதுரம் போய் B4 சதுரத்தில் நிற்பார். 300 மீற்றர், நாலு நிமிடம். அங்கே இந்த மாதிரிப் படத்தில் இருப்பது விளையாட்டு மைதானம். பிழை என்று தெரிந்தவுடன் மனம் சொல்வது, மைதானத்தைக் குறுக்காகக் கடந்து கிழக்கே போ என்பது. ஓரத்தில் கம்பிவேலி இருக்கும், வேலிக்கு அப்பால் வாய்க்கால் இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலத்தில் மண் பாதை சேறாகி, செருப்பு புதையும். பாதி வழியில் திரும்ப வேண்டியதாகிவிடும். ஆகவே பிழை தெரிந்தால், கடைசியாகச் சரி என்று உறுதியாகத் தெரிந்த சந்திக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்குவதுதான் மொத்தத்தில் விரைவானது. இவர் வாசல்வரை திரும்பினாலும் போக 300, வர 300, பிறகு 700, மொத்தம் 1,300 மீற்றர். பதினேழு நிமிடம். ஏழு ஐம்பதுக்கு வந்தவர் எட்டு ஏழுக்குக் கட்டடத்தின் முன் நிற்பார். மேலே சொன்ன இருபது நிமிடம் இதற்காகத்தான்.

வழி கேட்பதிலும் முறை உண்டு. முதலில் காவலாளி அண்ணையிடம் கேளுங்கள். வளாகத்தின் எல்லா மூலையும் சுற்றி வருகிறவர் அவர். ஆனால் வாயால் சொல்லாமல் கடதாசியைக் காட்டுங்கள். தமிழ் வாயில் B-யும் P-யும் கிட்டத்தட்ட ஒன்று, T-யும் D-யும் ஒன்று. பி நாலு என்றால் B4-உம் ஆகலாம், P4-உம் ஆகலாம். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வரும் இடம். காவலாளியோ பக்கத்தில் நிற்கும் மாணவரோ சிங்களம் மட்டும் பேசுகிறவராக இருக்கலாம். எழுதிய B4 எந்த மொழிக்காரருக்கும் ஒன்றேதான்.

அவர் குறியீட்டைத் தெரியாது என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரு கட்டடத்துக்கு மூன்று பெயர்கள் வழக்கத்தில் இருக்கும். நேரசூசியில் இலக்கம், பெயர்ப்பலகையில் முழுப்பெயர், வாயில் புழங்குவது இன்னொன்று: புது பில்டிங், கன்ரீனுக்குப் பின்னால இருக்கிறது, பழைய லாப். அப்போது அட்டவணையில் இருக்கும் பெயரைச் சொல்லுங்கள்.

“அண்ணை, லெக்சர் கொம்ப்ளெக்ஸ் எந்தப் பக்கம்?”

“நேர போங்கோ தம்பி, தண்ணித் தாங்கிக்கு இங்கால வலப்பக்கம் திரும்புங்கோ. மூண்டு மாடி, நீலக் கூரை.”

இதுதான் நல்ல பதில்: திருப்பத்துக்கு ஒரு அடையாளமும் கட்டடத்துக்கு ஓர் அடையாளமும் கிடைத்துவிட்டன. ஓர் அடையாளம்தான் கிடைத்தது என்றால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தால போங்கோ என்று கை மட்டும் காட்டினால் அடுத்த சந்தியில் வேறொருவரிடம் மறுபடி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் கிழமை முழுவதும் எல்லோரும் கேட்பார்கள்.

கட்டடத்துக்கு முன் வந்ததும் இலக்கத்தைப் பார்த்த பிறகே நுழையுங்கள். இலக்கம் பெரும்பாலும் வாசலுக்கு மேலேயோ வீதியைப் பார்த்த மூலைச் சுவரிலோ இருக்கும். ஒரே மாதிரி வரைந்த இரண்டு கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்பது வழக்கம். இரண்டிலும் 207 இருக்கும். நீலப் புள்ளி இந்த இடத்தில் கை கொடுக்காது. திறந்த வெளியில் அது சுமார் ஐந்து மீற்றருக்குள் சரியாகக் காட்டும். கொங்கிறீற் சுவரருகே வந்தால் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து, புள்ளி பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவும். எந்த மாடி என்பதையும் அது சொல்லாது.

உள்ளே நுழைந்ததும் நேற்றுச் சொன்ன மாடிக் கேள்விக்குப் பதில். கண்ணில் படும் முதல் கதவின் இலக்கத்தைப் பாருங்கள். நிலத்தளத்தில் 001 அல்லது G01 என்று இருந்தால் 207-க்கு இரண்டு மாடி ஏற வேண்டும். 101 என்று இருந்தால் ஒரு மாடி போதும். ஏறும்போது படிக்கட்டின் ஓட்டங்களை எண்ணிவிடாதீர்கள். நம் கட்டடங்களில் ஒரு மாடிக்கு இரண்டு ஓட்டம், நடுவே ஒரு இடைத்தட்டு. இரண்டு ஓட்டம் ஏறினால் ஏறியது ஒரு மாடிதான். ஏறி முடிந்ததும் கதவில் 2-இல் தொடங்கும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1 என்றால் இன்னும் ஏற வேண்டும், 3 என்றால் இறங்க வேண்டும்.

இனி ஏழாவது அறை. நடைபாதை இரண்டு பக்கமும் அறைகளோடு நடுவால் போனால் ஒரு பக்கம் ஒற்றை, மறுபக்கம் இரட்டை எண்கள் இருப்பது சாதாரணம். ஒரு பக்கம் திறந்த விறாந்தை என்றால் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கதவுகளை எண்ணிக்கொண்டு போவது சரிவராது: பெரிய மண்டபத்துக்கு முன்கதவும் பின்கதவும் உண்டு, இலக்கமோ ஒன்றுதான், பின்கதவில் பலகையே இருக்காது. களஞ்சிய அறைக்கும் கழிப்பறைக்கும்கூட எண் கொடுத்திருப்பார்கள். ஆகவே ஏழாவது கதவு 207 ஆக இராது. எண்கள் 206-உடன் முடிந்து சுவர் வந்துவிட்டால் படிக்கட்டுக்குத் திரும்பி மறுபக்கச் சிறகைப் பாருங்கள். சில கட்டடங்களில் இரண்டு சிறகுகளுக்கும் நடுவே வழி ஒரே ஒரு மாடியில்தான் இருக்கும். அப்படியானால் கீழே இறங்கி மறு படிக்கட்டால் ஏற வேண்டும்.

படிப்படியாக உயரும் இருக்கைகள் கொண்ட பெரிய மண்டபம் என்றால் அது இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும். மேடைப் பக்கக் கதவு முதலாம் மாடியில், பின்வரிசைக் கதவு இரண்டாம் மாடியில். நேரசூசியில் இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் எழுதியிருப்பார்கள். விரிவுரை தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தால் மேல் கதவைத் தேடுங்கள். கீழ்க் கதவைத் திறந்தால் விரிவுரையாளரின் பக்கத்தில்தான் போய் நிற்பீர்கள்.

எட்டு இருபத்தைந்துக்கு 207 பூட்டியிருக்கிறது, ஒருவரும் இல்லை. இப்போது எதை முதலில் சந்தேகிப்பது? கட்டட இலக்கத்தை. வெளியே ஓடாமல், விறாந்தையிலோ படிக்கட்டருகிலோ இருக்கும் தீயணைப்புப் பலகை, அறிவித்தல் பலகை எதிலாவது கட்டட இலக்கம் இருக்கும், பாருங்கள். கட்டடம் சரி என்றால் அடுத்தது நேரசூசி. திருத்திய நேரசூசி வந்திருக்கலாம், திகதியைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் பீட அலுவலகத்தின் அறிவித்தல் பலகை, அல்லது அணித் தலைவரின் செய்தி. முதல் நாளில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தால் பெரிய மண்டபத்துக்கு மாற்றுவது வழமை. பக்கத்து அறையில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். உட்காரும் முன் பக்கத்தில் இருப்பவரிடம் பாடக் குறியீட்டைக் கேளுங்கள். காலை முழுவதும் பயன்படாத CS1103 இந்த ஓர் இடத்தில்தான் பயன்படும்.

செவ்வாய், மாலை

நேற்று நடந்த வழியை வரைபடத்தில் பேனையால் இழுத்து, பக்கத்தில் உண்மையில் எடுத்த நிமிடங்களை எழுதி வைத்தால் மற்ற மண்டபங்களுக்கான கணக்கு தானாக வரும். 700 மீற்றருக்குப் பத்து நிமிடம் எடுத்தவருக்கு 350 மீற்றருக்கு ஐந்து. இரண்டு விரிவுரைகளுக்கு இடையில் பத்து நிமிடம்தான் இருக்கிறது, கட்டடங்கள் இரண்டும் வளாகத்தின் இரு முனைகளில் இருக்கின்றன என்றால் அந்தச் சோடியை இன்றே நேரசூசியில் வட்டமிடுங்கள். அந்த நாட்களில் கதவுக்கு அருகில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மத்தியான வெயிலில் நடை தளரும். நிமிடத்துக்கு 65 மீற்றர் என்று போடுங்கள். நிழலான பாதை நூறு மீற்றர் நீளமாக இருந்தாலும் பங்குனி, சித்திரையில் பலர் அதையே எடுப்பார்கள், அது நியாயம்தான்.

சூரியனைப் பார்த்துத் திசை பிடிப்பதும் காலையிலும் பின்னேரத்திலும் மட்டும்தான். சித்திரையிலும் ஆவணியிலும் வன்னியில் நடுப்பகலில் சூரியன் அநேகமாக உச்சிக்கே வந்துவிடும், நிழல் காலடியில் சுருண்டுவிடும். அந்த நேரத்தில் தண்ணீர்த் தாங்கிதான் துணை.

நேரசூசியில் இந்த வாரம் புதிதாகக் கண்ணில் படக்கூடியது, இலக்கத்துக்குப் பின்னால் ஓர் எழுத்து: B4-207A. பெரிய அறை ஒன்றை நடுவே தடுப்புப் போட்டு இரண்டாக்கினால் A, B என்று வரும். தடுப்பு பிறகு வந்ததால் கதவுப் பலகையில் பழைய 207 மட்டுமே இருக்கும். அப்படியானால் உள்ளே போய் உட்கார முன் பாடக் குறியீட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்.